ஆவர்த்தனமே அளவுகோல்: பக்திப் பாடலுக்குத் தாளம் தப்பாமலும் அமைதி குலையாமலும் காட்சிகளைத் தொகுக்கும் முறை

பக்திப் பாடல் ஒன்றுக்கு முதன்முதலில் காட்சிகளைத் தொகுத்தபோது, ஜால்ரா ஒலிக்கும் இடத்தில் எல்லாம் ஒரு வெட்டு வைத்தேன். ஒரு வெட்டுகூடத் தாளத்தை விட்டு விலகவில்லை. அதைப் பார்த்த பஜனைக் குழுப் பெரியவர், "தம்பி, தேர் அசைஞ்சு வர்ற மாதிரி இருக்கணும், நீங்க ஆட்டோவில ஏத்தி விட்டுட்டீங்க" என்றார். தாளத்தோடு பொருந்துவது வேறு, தாளத்தின் ஒவ்வொரு அடியையும் கண்ணுக்குக் காட்டுவது வேறு என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் நான் கைக்கொண்ட முறையை ஒரே ஒரு பாடலை வைத்து விளக்குகிறேன். பாடல் முருகன் மீது அமைந்தது, ஆதி தாளம், ஒரு தெருப் பஜனைக் குழு தம்புரா, மிருதங்கம், ஜால்ராவோடு பாடிப் பதிவு செய்தது. தொடக்கத்தில் 12 விநாடி தம்புரா மட்டும் ஒலிக்கிறது. அதன்பின் பாடல் 40 ஆவர்த்தனங்கள், அதாவது தாளத்தின் 40 முழுச் சுற்றுகள், ஓடுகிறது. மொத்தம் 4 நிமிடம் 20 விநாடி. காட்சிகள் கார்த்திகை நாட்களில் எடுத்தவை: தெருவில் அகல் விளக்குகள், பூக்கட்டும் பெண்கள், தெப்பக்குளம், உற்சவர் புறப்பாடு. கோவிலுக்குள் எடுத்த காட்சி எதுவும் இல்லை. தமிழகக் கோவில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கருவறையைப் படமெடுப்பது அதற்கு முன்பே பல கோவில்களில் வழக்கமில்லை. ஆகவே வீதியில் கிடைப்பதைக் கொண்டே தொகுக்கப் பழகிக்கொள்வது நல்லது. தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தினேன். பிற மென்பொருள்களிலும் இதே வழி செல்லும்.

முதலில் கையால் தாளம் போடுங்கள்

கணினியைத் திறக்குமுன் பாடலை இரண்டு மூன்று முறை தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை உண்டு. முதல் நான்கு லகு, அடுத்த இரண்டு ஒரு திருதம், கடைசி இரண்டு இன்னொரு திருதம். இந்தப் பிரிப்பு தொகுப்பவருக்கு மிகவும் பயன்படும். வெட்டு வைக்கத் தகுந்த இடங்களை இதுவே காட்டிக் கொடுக்கிறது. ஆவர்த்தனம் தொடங்கும் சமம் முதன்மையான இடம். லகு முடிந்து திருதம் தொடங்கும் ஐந்தாம் எண்ணிக்கை அடுத்தது. பாடல் வரியும் பெரும்பாலும் அங்கே சற்று இளைப்பாறும். ஏழாம் எண்ணிக்கை அரிதாகப் பயன்படும். மற்ற ஐந்து எண்ணிக்கைகளில் நான் வெட்டு வைப்பதே இல்லை. அவை காட்சிக்குள் நிகழும் அசைவுக்கு உரியவை.

கேட்கும்போதே எடுப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். சொல் சமத்திலேயே தொடங்குகிறதா, சமத்துக்குப் பின் தொடங்கும் அனாகத எடுப்பா, முன்னரே தொடங்கிவிடும் அதீத எடுப்பா என்பதைப் பொறுத்துப் பின்னால் வெட்டின் இடம் மாறும். நான் எடுத்துக்கொண்ட பாடலில் சமத்துக்கு அரை எண்ணிக்கை கழித்தே சொல் தொடங்குகிறது.

ஃபிரேம் கணக்கு

பாடலின் வேகம் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 75 எண்ணிக்கை. அப்படியானால் ஓர் எண்ணிக்கை 0.8 விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேம் என்று அமைத்தால் ஓர் எண்ணிக்கைக்கு 20 ஃபிரேம், ஓர் ஆவர்த்தனத்துக்கு 160 ஃபிரேம், அதாவது 6.4 விநாடி. காட்சிகளையும் 25 ஃபிரேமிலோ 50 ஃபிரேமிலோ எடுத்திருப்பது உத்தமம். கைபேசியில் 30 ஃபிரேமில் எடுத்திருந்தால் திட்டத்தையும் 30 ஃபிரேமிலேயே அமைத்துவிடுங்கள். அப்போது ஓர் எண்ணிக்கைக்கு 24 ஃபிரேம். முப்பதில் எடுத்ததை இருபத்தைந்தில் போட்டால், தெப்பம் நகரும் மெதுவான காட்சியில் சீரான இடைவெளியில் ஒரு சிறு துள்ளல் தெரியும். அதை எந்த வெட்டாலும் மறைக்க முடியாது. ரிசால்வில் டைம்லைன் உருவாகிவிட்டால் அதன் ஃபிரேம் வேகத்தை மாற்ற இயலாது என்பதால் இந்த முடிவை முதலிலேயே எடுத்தாக வேண்டும்.

75 எண்ணிக்கை என்று தெரிந்துவிட்டதே, 160 ஃபிரேமுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே போகலாம் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மெட்ரோனோம் வைக்காமல் மனிதர்கள் கூடிப் பாடும்போது வேகம் மெல்ல ஏறும். இந்தப் பாடலில் சரணத்தின் முடிவில் வேகம் 80 எண்ணிக்கையைத் தொட்டுவிடுகிறது. அங்கே ஓர் ஆவர்த்தனம் 150 ஃபிரேம்தான். ஆவர்த்தனத்துக்கு 10 ஃபிரேம் வீதம் பிழை சேர்ந்தால், இரண்டே ஆவர்த்தனத்தில் வெட்டு ஒரு முழு எண்ணிக்கை தள்ளிப் போய்விடும். ஆகவே கணக்கு என்பது எதிர்பார்ப்பைத் தருவதற்கு மட்டுமே. உண்மையான குறிகளைக் காதால்தான் இட வேண்டும்.

குறியிடுதல்

பாடலை டைம்லைனில் வைத்து, அந்த ஒலித்துண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஓடவிட்டு, ஒவ்வொரு சமத்திலும் `M` விசையை அழுத்துங்கள். துண்டு தேர்வில் இருந்தால் குறி அதன் மீதே பதியும். பின்னால் பாடலை நகர்த்தினாலும் குறிகள் கூடவே வரும். எட்டு எண்ணிக்கைக்கும் குறி இட வேண்டாம். குறிகள் நெருங்கினால் எல்லாவற்றிலும் வெட்டத் தோன்றும், கை சும்மா இருக்காது.

ஓடும்போது இட்ட குறி இரண்டு மூன்று ஃபிரேம் முன்பின் தள்ளியே இருக்கும். ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றையும் திருத்துங்கள். பஜனைப் பதிவில் ஜால்ரா ஒவ்வொரு எண்ணிக்கையிலும் அதன் நடுவிலும் ஒலிப்பதால் அலையில் எங்கு பார்த்தாலும் கூர்முனையாகத் தெரியும். அதை நம்பினால் குழப்பமே மிஞ்சும். மிருதங்கத்தின் இடப்புறத் தொப்பியிலிருந்து வரும் கனத்த ஒலியைக் காதால் தேடி, அது தொடங்கும் இடத்தில் குறியை வையுங்கள். 40 குறிகளைத் திருத்த எனக்கு அரை மணி நேரம் ஆனது. திருத்தி முடித்தபின் ஐந்தாம் எண்ணிக்கைக்கு, தேவைப்படும் இடங்களில் மட்டும் வேறு நிறத்தில் குறி இட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலையைச் செய்யும்போது புளூடூத் இயர்போன் வேண்டாம். அதில் ஒலி தாமதமாக வரும். அதைச் சில மென்பொருள்கள் ஈடுகட்டும், சில ஈடுகட்டா. கம்பியுள்ள இயர்போனில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஷாட்டின் நீளத்தைப் பாடலின் அங்கம் முடிவு செய்யட்டும்

அமைதி முதன்மையாக நீளத்திலிருந்து வருகிறது. ஒரு ஷாட்டை முழு ஆவர்த்தனமாகவோ இரண்டு ஆவர்த்தனமாகவோ விட்டால், பார்ப்பவர் அறியாமலே அவருடைய மூச்சு அதற்குள் அடங்கிவிடும்.

தம்புரா ஒலிக்கும் 12 விநாடிக்கு ஒரே ஷாட்: விடியுமுன் தெப்பக்குளத்தின் அசையாத நீர். தாளம் இன்னும் தொடங்காததால் வெட்டுக்கும் அங்கே வேலையில்லை. பல்லவிக்கு 8 ஆவர்த்தனம். இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒன்றாக நான்கு ஷாட்கள். அனுபல்லவி மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடம். பாடல் விரியும்போது காட்சியும் கொஞ்சம் விழித்துக்கொள்ள வேண்டும். ஆகவே அதன் 8 ஆவர்த்தனங்களில் ஆறுக்கு ஒவ்வொரு ஷாட், கடைசி இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீண்ட ஷாட். பல்லவி திரும்பும் இரண்டு ஆவர்த்தனத்துக்கு மீண்டும் ஒன்று. சரணம் 16 ஆவர்த்தனம். முதல் பன்னிரண்டுக்கு ஆறு ஷாட்கள். கடைசி நான்கு ஆவர்த்தனத்தில் சொற்கள் மத்திமகாலத்தில் விரைகின்றன.

மத்திமகாலம் பலரையும் ஏமாற்றும் இடம். சொற்கள் இருமடங்கு நெருங்குகின்றனவே தவிரத் தாளம் அதே நடையில்தான் செல்கிறது. கேட்பவரின் கை அதே நிதானத்தில் தொடையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது காட்சி மட்டும் படபடவென்று மாறினால் இரண்டும் மோதிக்கொள்ளும். அங்கே நான் அரை ஆவர்த்தனத்துக்கு ஒரு ஷாட் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சமத்தில் ஒரு வெட்டு, ஐந்தாம் எண்ணிக்கையில் ஒரு வெட்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று விநாடி. மொத்தப் படத்திலும் இதுவே மிக வேகமான பகுதி. இதற்குமுன் வந்தவை நீண்டவையாக இருந்ததால் இந்த மூன்று விநாடியே போதிய விறுவிறுப்பைத் தந்துவிட்டது. நிறைவாகப் பல்லவி வரும் 6 ஆவர்த்தனத்துக்கு மூன்று ஷாட்கள்.

கூட்டிப் பார்த்தால் மொத்தம் 30 ஷாட்கள். நாற்பது சமங்களில் இருபத்தைந்தில்தான் வெட்டு விழுகிறது. பதினைந்து சமங்கள் வெட்டின்றிக் கடந்து செல்கின்றன. சமம் தோறும் வெட்டு வந்தால் நான்காவது முறைக்குள் பார்ப்பவர் அடுத்ததை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்; அதன்பின் அவர் பார்ப்பது வெட்டைத்தான், விளக்கை அல்ல.

வெட்டின் நுண்ணிடம்

ஒலி அடி விழும் அதே ஃபிரேமில் வெட்டினால், விந்தையாக, காட்சி சற்றுப் பிந்தி வருவதுபோல் தோன்றும். புதிய படத்தில் எங்கே பார்ப்பது என்று கண் தேடிக் கண்டடைய ஒரு கணம் வேண்டும். ஆகவே குறிக்கு இரண்டு ஃபிரேம் முன்னால் வெட்டை வைப்பது என் வழக்கம். புதிய காட்சி இருண்டதாகவோ விவரம் மிகுந்ததாகவோ இருந்தால் மூன்று. ரிசால்வில் வெட்டு விளிம்பைத் தேர்ந்தெடுத்து `,` மற்றும் `.` விசைகளால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தலாம். மூன்றுக்கு மேல் போனால் அவசரமாகத் தெரியும்.

இனி எடுப்பு. சொல் சமத்துக்கு அரை எண்ணிக்கை கழித்துத் தொடங்கும் இப்பாடலில், சமத்தில் வெட்டினால் படம் வந்து 10 ஃபிரேம் கழித்தே பாடகரின் குரல் வருகிறது. திரை விலகி, தரிசனம் கிடைத்து, அதன்பின் நாவில் பெயர் வருவது போன்ற ஒழுங்கு இது. இந்த அரை எண்ணிக்கை இடைவெளியை நான் மிகவும் மதிக்கிறேன். சொல் தொடங்கும் இடத்திலேயே வெட்டினால் அந்த இடைவெளி அழிந்து விளம்பரப் படத்தின் சாயல் வந்துவிடும். அதீத எடுப்புள்ள பாடலில் நிலைமை தலைகீழ். சமத்தில் வெட்டினால் அது ஒரு சொல்லின் நடுவே விழுந்து அதை அறுத்ததுபோல் இருக்கும். அப்போது வெட்டைச் சொல்லின் தொடக்கத்துக்கு முன்னகர்த்துங்கள். சமத்தை ஷாட்டுக்குள்ளேயே ஏதேனும் ஓர் அசைவால் நிரப்பிக்கொள்ளலாம். பாடல் வரிகளைத் திரையில் எழுத்தாகக் காட்டுவதானால், எழுத்து சொல்லோடு வரட்டும். படத்தோடு சேர்த்துத் தள்ளாதீர்கள்.

ஒரு படம் மெல்லக் கரைந்து அடுத்த படமாகும் டிசால்வைப் பயன்படுத்தும் இடத்தில் அதன் நடுப்புள்ளி சமத்தில் விழ வேண்டும். 20 ஃபிரேம் டிசால்வ் என்றால் சமத்துக்கு 10 ஃபிரேம் முன் தொடங்கி 10 ஃபிரேம் பின் முடியும். அதாவது சரியாக ஓர் எண்ணிக்கை நீளம். `Ctrl+T` அழுத்தினால் வருவது இயல்பாக ஒரு விநாடி நீளம் என்பதால், அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரு ஷாட்களிலும் வெட்டுக்கு அப்பால் குறைந்தது பத்து ஃபிரேம் மிச்சம் இருந்தால்தான் இது இயலும். எல்லா இடத்திலும் டிசால்வ் போட்டால் அமைதி வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. விளிம்பே இல்லாமல் எல்லாம் கஞ்சியாகக் கரைந்து தாளம் மறைந்துபோகும். இடம் மாறும்போது மட்டும் டிசால்வ், ஒரே இடத்துக்குள் நேர்வெட்டு என்று வைத்துக்கொண்டேன். ஒரு சுடரிலிருந்து இன்னொரு சுடருக்கு டிசால்வ் செய்யாதீர்கள். இரண்டு நெருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நின்று வெளிறிப்போகும். சுடரிலிருந்து இருட்டான நீருக்குப் போனால் அழகாக இருக்கும்.

அசைவைத் தாளத்தில் அமர்த்துதல்

வெட்டைக் குறைத்துவிட்டால் தாளம் எங்கே தெரியும்? ஷாட்டுக்குள் இருக்கும் அசைவில் தெரியும். கோலப்புள்ளி வைக்கும் விரல், அகலில் எண்ணெய் விழும் துளி, துடுப்பு நீரைத் தொடும் கணம் என்று ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரே ஒரு தெளிவான கணத்தைத் தேர்ந்து, அதை ஓர் எண்ணிக்கையில், பெரும்பாலும் ஐந்தாவதில், விழச் செய்யுங்கள். இதற்கு வெட்டுகளை அசைக்க வேண்டியதில்லை. `T` விசையால் டிரிம் நிலைக்குச் சென்று, துண்டின் மேற்பாதியைப் பிடித்து இழுத்தால், இரு விளிம்புகளும் அப்படியே இருக்க உள்ளே உள்ள படம் மட்டும் முன்பின் நகரும். இதுவே ஸ்லிப், இவ்வகைத் தொகுப்பில் எனக்கு மிகுதியாகப் பயன்பட்ட கருவி.

பூக்கட்டும் ஷாட்டில் வேறொரு சிக்கல் வந்தது. அந்த அம்மா 22 ஃபிரேமுக்கு ஒரு முடிச்சு போட்டார். பாடலின் எண்ணிக்கையோ 20 ஃபிரேம். முதல் முடிச்சு பொருந்தினால் ஐந்தாவது முடிச்சு எட்டு ஃபிரேம் பிந்திவிடும். துண்டின் மீது வலச்சொடுக்கி `Change Clip Speed` மூலம் வேகத்தை 110 சதவீதமாக்கியதும் முடிச்சுகள் எண்ணிக்கையில் அமர்ந்தன. பத்து சதவீத மாற்றம் கைகளில் தெரிவதில்லை. அதற்குமேல் கூட்டினால் பழைய ஊமைப் படம் போலாகிவிடும். மெதுவாக்க வேண்டுமானால் 50 ஃபிரேமில் எடுத்ததைப் பாதி வேகத்தில் ஓடவிடலாம். நீருக்கும் புகைக்கும் அது பொருந்தும். சாதாரணமாக நடந்து வரும் பக்தர்களைப் பாதி வேகமாக்கிப் பக்தியை வரவழைக்க முயல்வது எனக்கு உடன்பாடில்லை.

ஒரு பொருத்தமின்மையை மட்டும் எதனாலும் சரிசெய்ய முடியாது. புறப்பாட்டில் தவில் வாசிப்பவரின் கைகள் திரையில் தெரிய, ஒலியில் மிருதங்கம் கேட்டால், இசை தெரியாதவருக்கும் உறுத்தும். வாசிக்கும் கைகளோ பாடும் வாயோ தெரியாத கோணத்தைத் தேர்ந்தெடுங்கள். தவில்காரரின் பின்புறமும், அவர் தோளுக்கு மேலே தெரியும் உற்சவர் குடையும் எனக்குக் கைகொடுத்தன.

சோதித்துப் பார்த்தல்

படம் தடங்கலின்றி ஓடுகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கணினி திணறி ஃபிரேம்களை விழுங்கினால், சரியான வெட்டும் தவறாகத் தெரியும். அப்போது `Playback` பட்டியலில் டைம்லைன் ஓடும் தெளிவுத்திறனைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

பிறகு கையால் தாளம் போட்டுக்கொண்டே முழுவதையும் ஒருமுறை பாருங்கள். ஏதேனும் ஒரு வெட்டில் உங்கள் கை தயங்கினாலோ எண்ணிக்கை பிசகினாலோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்தாமல் மேலே செல்லுங்கள். எனக்கு அப்படி மூன்று இடங்கள் அகப்பட்டன. இரண்டில் குறியே தவறு. மூன்றாவதில் குறி சரியாகவே இருந்தது. ஆனால் முந்தைய ஷாட்டில் கேமரா இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தபோதே வெட்டியிருந்தேன். நகர்வு நின்றபின், அல்லது நின்று அரை எண்ணிக்கை கழித்து வெட்டு வருமாறு ஸ்லிப் செய்ததும் தயக்கம் போய்விட்டது.

அடுத்து ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒலியில்லாதபோதும் ஒரு சீரான ஏற்ற இறக்கம் தெரிந்தால் நன்று. புகைப்படங்களை வரிசையாக மாற்றிக் காட்டுவதுபோல் இருந்தால், அசைவற்ற ஷாட்கள் அடுத்தடுத்து வந்திருக்கும்; அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு, பக்கத்து ஷாட்டை அந்த ஆவர்த்தனத்துக்கும் நீட்டுங்கள்.

கடைசி ஷாட்டில் ஒரு சிறு கவனிப்பு தேவை. பாடல் முடியும் அதே கணத்தில் படத்தையும் கறுப்பாக்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தம்புராவின் கடைசி மீட்டல் தேயும்வரை படம் நிற்கட்டும். ஒலி முற்றும் அடங்கியபின் இன்னும் ஓர் எண்ணிக்கை, அதாவது இருபது ஃபிரேம், சுடர் அசைந்துகொண்டிருக்க, அதன்பின் 40 ஃபிரேமில் கறுப்புக்குச் செல்லுங்கள். அந்தப் பெரியவருக்கு இரண்டாம் முறை போட்டுக் காட்டியபோது, திரை கறுத்த பின்னும் அவர் கை ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றது.